மேளம் நின்ற பிறகு

கொட்டாஞ்சேனையில் இரண்டாம் வகுப்பு எடுக்கும் கௌசிகா ரீச்சரின் பாடத்தைப் பார்க்க, ஆலோசகர் ரபீக்கா வந்திருந்தார். அவர் அறிக்கையில் நல்லபடி எழுதினால்தான் கௌசிகாவின் வேலை நிரந்தரமாகும்.

பாடத்திட்டப்படி பிள்ளைகள் கௌசிகாவின் மேள அடிக்கு நடந்து, பயறு போட்ட போத்தல்களைக் குலுக்கிப் பாடினார்கள். மேளம் நின்றதும் சிலையாக வேண்டும். கௌசிகா நிறுத்தினாள், அறை உறைந்தது. போர்க்காலத்தில், வன்னியில் செல்லடி ஓய்ந்தபோது அவள் தம்பியும் இப்படித்தான் அசையாமல் கிடந்தான். அவள் கை மேளத்துக்குத் திரும்பவில்லை.

"மிஸ், கால் நோகுது!" என்றான் ரிஷாத்.

"சிலை வேண்டாம். மேளமில்லாமலே நடந்து பாடுங்கோ."

தாளம் பிசகவில்லை.

"திட்டத்தில சிலைதானே?" என்றார் ரபீக்கா.

"ஓம் மேடம். மேளம் நிண்டாலும் தாளம் பிள்ளையளின்ர காலுக்குள்ள இருக்கோணும்."

ரபீக்கா திருப்தியோடு எழுதினார். பிள்ளைகள் போனதும், அந்த அமைதியில் நிற்கமாட்டாமல் கௌசிகா வெளியே ஓடினாள்.