ஒரே காகிதத்தில் இரண்டு பேச்சு

எழுபதுகளில் திருவள்ளூரில், அரிசி ஆலைகளுக்கு இயந்திரம் செய்து விற்கும் கம்பெனி ஒன்றில் நான் டைப்பிஸ்ட். ஒரு நாள் முதலாளி எங்களையெல்லாம் கூப்பிட்டு, கம்பெனியை ஒரு பம்பாய் நிறுவனத்துக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார். மறுவாரமே புது மேனேஜர் வந்தார். வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தை என் மேஜையில் வைத்தார்.

சேவையில் எந்த மாற்றமும் இருக்காது என்று முதல் பத்தி. பழுது எதுவானாலும் பம்பாய் அலுவலகத்துக்கு எழுதவும் என்று அடுத்த பத்தி.

"ஒரே காயிதத்துல ரெண்டு பேச்சா இருக்கே சார்," என்றேன்.

"நீங்க நகலெடுக்க ஸ்டென்சில் அடிங்க, போதும்."

அடிக்கவில்லை. நான் மறுத்துக்கொண்டிருக்கும்போதே பெரியபாளையம் பக்கத்து ஆலைக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். விற்ற செய்தி, கடிதத்துக்கு முன்பே அவர் காதுக்கு எட்டியிருந்தது. எங்கள் போட்டிக் கம்பெனியின் ஏஜெண்டு வீடு தேடிப் போய்ச் சொல்லியிருக்கிறான்.

"இன்னாம்மா, வித்துட்டாங்களாமே? நெல்லு வந்து குமிஞ்சி கெடக்குது. நாளைக்கி மிஷினு நின்னா பம்பாய்க்கா ஓடுவேன்? நம்ம மெக்கானிக் வருவாரா, மாட்டாரா? அத்த மட்டும் சொல்லு."

மேனேஜர் முந்திக்கொண்டார். "எல்லாம் பழையபடியே நடக்கும்."

"ஒன்ன கேக்கல நைனா. எனக்கு இந்தம்மாவத்தான் தெரியும்."

ஆலைகளுக்குப் போய்ப் பழுது பார்க்கும் எங்கள் மெக்கானிக்கை வேலையில் வைத்துக்கொள்வதா என்று பம்பாய் இன்னும் முடிவு செய்யவில்லை. "தெரியலிங்க. பம்பாய்லருந்து எழுத்துல வாங்கினு சொல்றேன்," என்றேன்.

அவர் போனதும் மேனேஜர் கொதித்தார். "உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். ஆலைக்காரங்க போயிட்டா ஒங்களுக்கும் எனக்கும் வேல இல்ல. மெக்கானிக் பேரு இல்லாம இந்தக் கடிதாசிய நான் அடிக்க மாட்டேன்."

கடிதத்தை அவர் பக்கமே நகர்த்தி வைத்தேன்.

அன்று மாலை அவர் பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டுப் பேசினார். கத்தினார், கெஞ்சினார், கடைசியில் போனை வைத்துவிட்டு, "ஒத்துக்கிட்டாங்க. எழுதுங்க" என்றார். தமிழிலேயே எழுதினேன். நிறுவனம் இன்ன தேதியிலிருந்து இன்னாருக்குச் சொந்தம். நடப்பிலுள்ள பராமரிப்பு ஒப்பந்தங்கள் அதே நிபந்தனைகளோடு அதனதன் காலம் முடியும்வரை செல்லும். பழுதென்றால் கூப்பிட வேண்டியது அதே திருவள்ளூர் எண், வருவது அதே மெக்கானிக். அவர் பெயரையும் போட்டேன். புது மேனேஜரின் கையெழுத்து மட்டும் போதாது என்று சொல்லி, பழைய முதலாளியின் வீட்டுக்கே போய் அவரிடமும் வாங்கி வந்தேன்.

கடிதம் போன பிறகும் இரண்டு ஆலைகள் விலகின. மற்றவர்கள் இருந்தார்கள். பெரியபாளையத்துக்காரர் கடிதத்தை ஆலைச் சுவரிலேயே ஒட்டியிருப்பதாக மெக்கானிக் வந்து சொன்னார்.

மாதக் கடைசியில் எனக்கு ஒரு மெமோ வந்தது: மேலதிகாரியின் உத்தரவை மீறியதற்கு விளக்கம் தேவை. அதே டைப்ரைட்டரில் பதில் அடித்தேன். "மீறினேன். வாடிக்கையாளரிடம் பொய் சொல்வது என் வேலையில் சேராது." மன்னிப்பு என்ற சொல்லை நான் அதில் சேர்க்கவில்லை.