குனிந்த அளவு

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேரும் படித்தார்கள். நான் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் நடவில் என் வரிசை கோணியதாக யாரும் சொன்னதில்லை. பத்துப் பெண்களுக்குத் தலைவியாகப் பல வருடம் வயலில் இறங்கினேன்.

நடவு நடும்போது சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வோம். வெயிலுக்கும் நாற்றின் அரிப்புக்கும் அதுதான் காப்பு. ஒரு சம்பா நடவுக்கு முன்னால், எத்தனை காலம் ஆம்பிளைச் சட்டையில் தொங்குவது, நமக்கென்று தைத்துக்கொள்வோம் என்று நான்தான் கிளப்பினேன். எல்லோரும் சேர்ந்து துணி எடுத்தோம். அளவு சொல்லும் பொறுப்பை நானே ஏற்றேன். அளவில் நான் தப்பியதில்லை என்றும் சொல்லி வைத்தேன். அது தேவையில்லாத வாய்.

திருவாரூரில் கடைத்தெருத் தையல்காரர் என் இரண்டாவது மகன் வயது. அவர் முன்னால் நிமிர்ந்து நின்றேன். சட்டைக் கை மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சேற்றில் நனையும். முழங்கைக்கு ஏறவும் கூடாது. நீளம் இடுப்பு எலும்பு மூடினால் போதும் என்றேன். தோளிலிருந்து கைக்குப் பதினெட்டு அங்குலம், பின்கழுத்து எலும்பிலிருந்து நீளம் இருபத்தாறு என்று எழுதிக்கொண்டார். மற்றப் பெண்களும் வந்து நிமிர்ந்து நின்று அளவு கொடுத்தார்கள். முதலில் என் சட்டையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, மற்ற பத்தையும் வியாழக்கிழமை காலையில் வெட்டுவதாகச் சொன்னார். திங்கட்கிழமை நடவு.

புதன்கிழமை வேறொரு வயலுக்கு நாற்றுப் பறிக்கும்போது என் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். குனிந்ததும் முதுகு விரிந்து சட்டையை மேலே இழுத்தது. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இருந்த கை, முழங்கைக்குப் பாதி வழி போய்விட்டது. முன்பக்கம் ஒழுங்காக இருந்தது. பின்பக்கம் ஏறி, இடுப்பில் அரைச் சாண் வெயிலுக்குத் திறந்தது. எனக்குத் தெரியவில்லை, பின்னால் வந்த என் தம்பி மருமகளுக்குத் தெரிந்தது.

"அத்தே, சட்டை மேல ஏறிப் போயிட்டு. முதுகுல அப்பளம் சுடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்தால் பத்துச் சட்டைத் துணியும் கத்தரிக்குப் போய்விடும். காலில் சேறு காயும் முன்பே மினிபஸ் ஏறிவிட்டேன்.

கடையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். தையல்காரர் என் சட்டையையும் சேற்றுக் காலையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சொன்ன அளவு தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால், "தம்பி, நீ நின்ன ஆளுக்குத் தச்சுட்ட. நாங்க குனிஞ்ச ஆளு," என்றேன்.

"குனிஞ்சவங்களுக்கு அளவெடுத்துப் பழக்கம் இல்லீங்க பெரியம்மா. எல்லாத்துலயும் ரெண்டு அங்குலம் கூட்டிடறேன்."

நெட்டைப் பெண்ணுக்கு முதுகு விரிவது வேறு, குட்டைப் பெண்ணுக்கு வேறு. பொதுவாகக் கூட்டினால் இன்னொரு தடவை தப்பும் என்றேன். பிறகு தரையில் கிடந்த துணித்துண்டுகளை ஒரு பிடி அள்ளி நாற்றுமாதிரி இடது கையில் வைத்துக்கொண்டு, கடை நடுவில் குனிந்து நட ஆரம்பித்தேன். துணி எடுக்க வந்த ஒருவர் காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டார்.

"எடு தம்பி. என் இடுப்பு ரொம்ப நேரம் தாங்காது."

எடுத்தார். கைக்கு இருபது. நீளம் முன்னால் அதே இருபத்தாறு. அதற்குமேல் விட்டால் குனியும்போது தொங்கித் தண்ணீரில் தோயும். பின்னால் முப்பத்திரண்டு, முழங்காலுக்கு ஒரு சாண் மேலே.

"முன்னாடி இடுப்பு, பின்னாடி தொடை. இது சட்டையா, மயிலா?"

மயில்தான் என்றேன்.

மறுநாள் காலை பத்துப் பேரையும் கூட்டிப்போனேன். ஆளுக்கொரு பிடி துணித்துண்டோடு கடை வாசலில் வரிசையாகக் குனிந்தோம். தெருவில் பஸ் நின்றுவிட்டது. தையல்காரர் டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். எங்கள் வரிசை அங்கேயும் கோணவில்லை.

முன்பே தைத்த என் சட்டைக்குக் கையிலும் பின்னாலும் ஒட்டுப் போட்டுத் தந்தார். திங்கட்கிழமை நிமிர்ந்து நின்றபோது எல்லோருக்கும் கை மணிக்கட்டை நெருங்கித் தொளதொளவென்றிருந்தது, பின்னால் வால் ஆடியது. வரப்பில் நின்ற ஆம்பிளைகள் ஏதோ சொன்னார்கள். குனிந்தோம். மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே கை நின்றது. ஒரு முதுகும் தெரியவில்லை. தம்பி மருமகள் மட்டும், "அத்தே, அப்பளத்துக்கு இனிமே எங்க போறது?" என்றாள்.

அந்தச் சட்டை இன்னும் பெட்டியில் இருக்கிறது. இதை எழுத எனக்குப் பதினாறு நாள் ஆனது. என் பேத்தி கல்லூரியிலிருந்து வந்திருக்கிறாள். கண்ணு, இதை ஒரு தடவை சத்தமாப் படி. அளவு வர்ற இடத்துல நிறுத்து. சட்டையை மாட்டிக்கிட்டு குனிஞ்சு பாத்துட்டு, எழுதினது சரியான்னு சொல்றேன்.