வாசிக்காமல் விட்ட வரிகள்

வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த அந்த வசந்தத்தில் எனக்குப் பதினைந்து வயது. டென்மார்க்கில், விபோர்க் நகரிலிருந்து அரை மணி நேரம் கார் ஓடினால் எங்கள் கிரிக்கெட் மைதானம் வரும். பயிற்றுநர் ஓய்வுபெற்ற டேனிஷ் பள்ளி ஆசிரியர். வலைப்பயிற்சியின்போது பந்துவீசுபவருக்குப் பின்னால் முக்காலியில் கமராவை வைத்துப் பதிவு செய்வார். வீட்டில் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொருவருடைய பிழைகளையும் டேனிஷில் எழுதித் தாளாகக் கொடுப்பார்.

எனக்கு அரைப்பக்கம் கிடைத்தது. ஒன்பது பந்துகளில் என் முன்கால் கோட்டைத் தாண்டியதாம், இடது கை சீக்கிரம் கீழே விழுகிறதாம். என் நண்பனுக்கு ஒரு முழுப்பக்கம்.

அவன் இலங்கையிலிருந்து தகப்பனிடம் வந்துசேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. டேனிஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் அவன் மட்டையை எடுத்தால் வலைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் கதையை நிறுத்திவிடுவார்கள். என் அப்பாவும்தான். ஐந்து வருடமாக என்னைக் காரில் ஏற்றிக்கொண்டுவந்த அப்பா, ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவனுடைய கவர் டிரைவைப் பற்றியே கதைத்தார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லடா," என்று அவன் தாளை நீட்டினான்.

முதல் வரியிலேயே எனக்கு வயிறு எரிந்தது. 'பந்தை இவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்ளும் கண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை' என்று எழுதியிருந்தார். அடுத்து முக்கியமான பிழை, அடிக்கோடிட்டு: 'தலை ஓஃப் பக்கம் சாய்கிறது. முன்கால் ஸ்டம்புக்குக் குறுக்கே போய் நிற்கிறது. மட்டை அந்தக் காலைச் சுற்றி வரவேண்டியிருக்கிறது. உள்ளே திரும்பும் பந்துக்கு எல்பிடபிள்யூ ஆவாய். நடு ஸ்டம்பிலிருந்து தரையில் சோக்கால் ஒரு வெள்ளைக் கோடு போட்டு, கால் அதன் லெக் பக்கத்தில் விழும்படி பழகு.'

"கீழ்க்கைப் பிடி இறுக்கமாம். குட்டைப் பந்து வரேக்கை கண்ணை எடுக்கிறியாம்," என்று கடைசியில் இருந்த இரண்டை மட்டும் சொன்னேன்.

"அவ்வளவுதானோ?"

"ஓம், மிச்சமெல்லாம் சும்மா."

கழகத்திலிருந்து பிராந்திய இளையோர் அணித் தேர்வுக்கு ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அதற்காக எங்களுக்குள் ஒரு ஆட்டம் வைத்தார்கள். என் பந்து இயல்பாகவே உள்ளே திரும்பும். அவனுக்கு வீசிய நான்காவது பந்தை நடு ஸ்டம்பைக் குறிவைத்து நீளமாகப் போட்டேன். அவன் கால் குறுக்கே வந்தது. பந்து கால்காப்பில் பட்டது. நடுவர் விரலை உயர்த்தியபோது கத்திக்கொண்டு ஓடினேன். என்னைத்தான் தெரிவு செய்தார்கள்.

பயிற்றுநர் அவனிடம் போய், "முதல் குறிப்பிலேயே எழுதியிருந்தேனே?" என்று மெதுவாக டேனிஷில் கேட்டார். அவனுக்கு அவ்வளவு டேனிஷ் விளங்கும். அவன் என்னைப் பார்த்தான்.

அடுத்த இரண்டு வாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை. போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. அவனுடைய சித்தி குடும்பம் வன்னிக்குள்ளே அகப்பட்டிருந்தது, ஒரு தகவலும் இல்லை என்று அம்மா சொன்னார். அதைக் கேட்ட பிறகும் முதலில் எனக்கு வந்த எண்ணம், 'அவன் வராவிட்டால் என் இடத்துக்குப் போட்டியில்லை' என்பதுதான். அந்த எண்ணத்தைக் கண்டு நானே பயந்தேன்.

அன்றிரவே பயிற்றுநரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன், நடந்ததைச் சொல்லவில்லை, அவனுடைய குறிப்பின் பிரதி ஒன்று மட்டும் கேட்டேன். அதை என் கோணல் தமிழில் முழுவதும் எழுதினேன், அந்த முதல் வரியையும் சேர்த்து.

தாளோடு நான் போனபோது அவர்கள் வீட்டில் எல்லோரும் தொலைபேசியைச் சுற்றி இருந்தார்கள். அவன் என்னை வாசலுக்கு வெளியே கூட்டிவந்து, தாளை நின்றபடியே வாசித்தான்.

"நீ வேணுமெண்டுதான் விட்டனி, என்ன?"

"ஓம்."

"முதல் வரியையும்?"

"அதைத்தான் முதல்ல விட்டனான்."

அவன் தாளை நாலாக மடித்தான். "இவ்வளவு நாளா உனக்கு அடிக்கோணும் எண்டு இருந்தனான். இப்ப அதுக்கும் மனம் வரேல்லை. போட்டு வா," என்று கதவைச் சாத்தினான்.

மறுநாள் பயிற்றுநரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, என் பெயரை எடுத்துவிட்டு அவன் பெயரை எழுதினார். சித்தி ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறார் என்று தகவல் வந்த பிறகு அவன் தேர்வுக்குப் போனான், அணியிலும் சேர்ந்தான். குறிப்புகளை அதன்பின் அகராதியோடு தானே வாசித்தான். கோடை முழுவதும் சோக்குக் கோட்டில் பழகினான். நான் அவனுக்குப் பந்து வீசினேன். கால் சரியாக விழுந்த ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி இருக்கவில்லை.