கையைத் தூக்கச் சொன்ன கேள்வி

அறிவியல் வாத்தியாருக்கு வேலை நிரந்தரம் ஆவதும் ஆகாததும் அந்த வியாழக்கிழமை வகுப்பைப் பொறுத்தது. இரண்டு வருடம் தகுதிகாண் காலம். மேற்பார்வை அதிகாரி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு பாடத்தைப் பார்ப்பார். எட்டாம் வகுப்பு, புகையிலைப் புகையும் நுரையீரலும்.

வாத்தியாரின் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். அப்பா சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்குபவர். முப்பது வருடமாகப் புகைப்பவர். வாத்தியார் பட்டம் வாங்கிய பிறகு இருவருக்கும் பேச்சு குறைந்துபோனது. சண்டை எதுவும் இல்லை, பேச விஷயம்தான் கிடைக்கவில்லை. இப்போது வாத்தியார் பள்ளிக்குப் பக்கத்தில் எடுத்த மாடி அறையில் தனியாகச் சமைத்து, நின்றபடியே சாப்பிட்டு, பாடத்திட்டத்தை நான்கு முறை எழுதினார்.

புதன்கிழமை பள்ளி ஆய்வகத்தில் அவர் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தபோது உதவியாளர் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"பழைய சார் ஒரு சிகரெட்டப் பத்த வச்சு பாட்டில்ல புகைய இழுத்துக் காட்டுவாரு. பஞ்சு பழுப்பாயிடும். பசங்க வாயப் பொளந்து பாப்பாங்க."

"நாப்பது பேரும் அந்தப் புகையத்தானே சுவாசிக்கணும்ணே. எனக்கு ரெண்டு பெயின்ட் பிரஷ்ஷும் கொஞ்சம் சர்க்கரைப் பாகும் போதும்."

"வகுப்பா, பலகாரக் கடையா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார் அண்ணன்.

திட்டத்தின் முதல் கட்டத்தில், முன்னறிவைச் சோதித்தல் என்ற தலைப்புக்குக் கீழே, எல்லாரும் எழுதுகிற மாதிரி அவரும் எழுதியிருந்தார்: 'உங்கள் வீட்டில் புகைப்பவர் யாராவது உண்டா? கையை உயர்த்துக.' தலைமை ஆசிரியை ஒப்பமிட்டிருந்தார். யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை.

வியாழன் காலை அந்தக் கேள்வியைக் கேட்டார். ஏழெட்டுக் கைகள் எழுந்தன. இரண்டாவது பெஞ்சில் ஒரு சிறுமியின் கை தோள்வரை வந்து நின்றது.

"நல்லாத் தூக்குடி," என்றான் பின்னால் இருந்தவன். "இவங்க அப்பா டீக்கடை வாசல்ல புகைபோக்கி மாதிரி நிப்பாரு, சார்."

வகுப்பு சிரித்தது. சிறுமியின் கை இறங்கி மடிக்குள் போய்விட்டது.

தான் படித்த நாளில் இதை யாராவது கேட்டிருந்தால் தன் கையும் மேசையை விட்டு எழுந்திருக்காது என்பது அப்போதுதான் வாத்தியாருக்கு உறைத்தது. கடைசி வரிசையில் அதிகாரியின் பேனா தயாராக இருந்தது. வாத்தியார் தன் கையைத் தூக்கினார்.

"எங்க வீட்டுலயும்தான். எங்க அப்பா. எல்லாரும் கைய இறக்குங்க. இது நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வி."

சிரிப்பு நின்றது. அதிகாரி எழுதினார்.

பிறகு பாடம் ஓடியது. சரிவாக வைத்த அட்டையில் சாக்பீஸ் தூளைத் தூவி, உலர்ந்த பிரஷ்ஷால் மேல்நோக்கித் தள்ளச் சொன்னார், தூள் நகர்ந்தது. பாகில் தோய்த்த பிரஷ்ஷில் அது ஒட்டி உருண்டு அங்கேயே நின்றது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் அந்த உலர்ந்த பிரஷ்போலத்தான் நுண்மயிர்கள் அழுக்கையும் சளியையும் மேலே தள்ளுகின்றன என்றார். "பிரஷ் சும்மா ஒரு மாதிரிதான். நிஜத்துல புகையில இருக்கிற நச்சு அந்த மயிர்களை முடக்குது, சளியும் அதிகமாச் சுரக்குது. அழுக்கு உள்ளயே தங்குது. அதான் அந்த இருமல்."

அந்தச் சிறுமி எழுந்தாள். "புகைய விட்டுட்டா சரியாயிடுமா, சார்?"

"நுண்மயிர்கள் மெல்ல மெல்ல மறுபடி வேலை செய்யும். இருமல் குறையும். உடைஞ்சுபோன காற்றுப் பைகள் மட்டும் திரும்ப வராது. ஆனா எந்த வயசுல விட்டாலும் லாபம்தான்."

மணி அடித்ததும் அதிகாரி சுருக்கமாகச் சொன்னார். "செஞ்சு காட்டினது நல்லா இருந்துச்சு. ஆனா திட்டத்துல இருந்த கேள்விய நீங்களே தப்புன்னீங்க, சொந்த விஷயத்த வகுப்புல வச்சீங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாக்குறேன்."

நிரந்தரம் தள்ளிப்போனது. சாயங்காலம் அறைக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அப்பாவை அழைத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

அப்பா முதலில் ஒன்றைத்தான் கேட்டார்.

"ஆபீசர் முன்னாடியா சொன்ன?"

"ஆமாப்பா."

"கிடங்குல எல்லார்கிட்டயும் எம் புள்ள வாத்தியாருன்னு சொல்லிட்டுத் திரியுறேன். நீ அங்க என்னைப் பத்தி இதச் சொல்லியிருக்க."

சிறுமியைக் காப்பாற்றினோமா, அப்பாவை விற்றோமா என்று வாத்தியாருக்குப் புரியவில்லை. எந்த வயதில் விட்டாலும் லாபம் என்ற வாக்கியம் தொண்டைவரை வந்தது. நாற்பது பிள்ளைகளிடம் சரளமாக வந்த அது, ஒருவரிடம் வரவில்லை.

"அந்தப் பொண்ணு அழுதுச்சா?" என்று கேட்டார் அப்பா.

"இல்லப்பா. எந்திரிச்சுக் கேள்வி கேட்டா."

"அப்பச் சரி. சாப்புடு."

அப்பா அழைப்பைத் துண்டித்தார். வாத்தியார் இன்னும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.