மூடாமல் மூடிய குழு

2025 பிப்ரவரி 13, வியாழன். ஐந்து மணிக்கு எழுந்தேன். வாய்க்கால் நீர்மட்டம் பார்த்துவிட்டு வந்து குளித்து, இட்லி சாப்பிட்டு, நாட்குறிப்பில் தேதி போட்டேன். பதினொரு மணிக்கு எங்கள் பாசனச் சங்கத் தலைவர் போனில் இருந்த பழைய குழுவை மூடினார். மூடியதாக அவர் நினைத்துக்கொண்டார் என்று எழுதுவதே சரி.

பச்சைச் செயலியிலிருந்து நீலச் செயலிக்கு மாறலாம் என்றது அவருடைய பெங்களூர் மருமகன். புதிதாகச் சேருகிறவருக்கும் பழைய செய்திகள் தெரியும் என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் மூடும் முறை உண்டு. அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றி, புதிய குழுவின் இணைப்பை மேலே பொருத்தி வைத்து, அங்கே வந்து சேர்ந்தவரை மட்டும் இங்கே ஒவ்வொருவராக நீக்க வேண்டும். சங்கச் செயலாளர் என்ற முறையில் இதை இரண்டு முறை சொன்னேன்.

"ரெண்டுலயும் தலைக்கணக்குச் சரியா இருக்குய்யா. இன்னும் என்னத்தப் பாக்குறீக?" என்றார் தலைவர்.

தலைக்கணக்கு! புதிய குழுவில் தொலைபேசி எண் தெரியாது. சாமி படத்துக்குப் பின்னால் இருப்பது விவசாயியா, அவர் மகனா, நெல் தரகரா என்று யாருக்குத் தெரியும்? தலைவருக்கு அந்தக் கவலை இல்லை. நன்றியுரை ஒன்று எழுதிவிட்டுப் பழைய குழுவிலிருந்து வெளியேறினார். வேறு யாரையும் அட்மின் ஆக்க அவருக்கு மனம் வந்ததே இல்லை. ஒரே அட்மின் போனால் குழு சாகாது. செயலியே உறுப்பினர் ஒருவரை அட்மின் ஆக்கிவிடும். அது உரக்கடைக்காரரை ஆக்கியது. அரைமணி நேரத்தில் குழுப் படம் துத்தநாக சல்பேட் மூட்டையாக மாறியது.

நீர் முறை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெள்ளிக்கு மாறியதைத் தலைவர் நீலத்தில் மட்டும் போட்டார். மாலையில் கடைமடை விவசாயி ஒருவர் பழைய குழுவில் குரல் பதிவு போட்டிருந்தார். ஞாயிறு தானே நம் முறை என்று கேட்டிருந்தார். அதற்குப் பதிலாக உரத் தள்ளுபடி விளம்பரம் வந்திருந்தது. அவருடைய நெல் பால் பிடிக்கும் பருவம். மடையில் ஆள் இல்லாவிட்டால் முறை தாண்டிப் போய்விடும். உடனே போன் செய்தேன்.

"நாளைக்குக் காலையிலயா? குழுவுல ஒண்ணும் வரலையே தம்பி."

"அந்தக் குழுவத் தலைவரு மூடிட்டாக."

"மூடுன கடையில யாவாரம் நடக்குதாக்கும்?"

காலையில் மடையில் நிற்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். தலைவரிடம் சொன்னபோது, அந்த ஆள்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்றார். உரக்கடைக்குப் போய் என்னை அட்மின் ஆக்கச் சொன்னேன். அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றினேன். முறை மாறிய செய்தியையும் புதிய இணைப்பையும் பொருத்தினேன். கடைக்காரருக்கு வருத்தம்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கடைமடைக்குப் போனேன். அவர் வயலில் தண்ணீர் ஏறியது. வரப்பில் வைத்தே அவர் போனில் நீலச் செயலியை இறக்கி, குழுவில் சேர்த்து, "வந்துட்டேன்" என்று அவர் குரலிலேயே பதியச் சொன்னேன். அதைக் கேட்ட பிறகே பழைய குழுவிலிருந்து அவர் எண்ணை நீக்கினேன்.