முன்னால் போன வால்

கோளரங்கத்தில் அவளுக்கு ‘மைக் அக்கா’ என்று பெயர். மைக் இல்லாமலே அவள் குரல் வாகன நிறுத்தம்வரை கேட்கும் என்று டிக்கெட் கொடுப்பவர் கிண்டல் செய்வார். பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வானத்தைச் சொல்லிக் கொடுத்தவள். வால் நட்சத்திரம் வந்ததும், “ரயில் போனா புகை பின்னால வருதில்ல, அது மாதிரி” என்பாள். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிடும். அந்த வரியில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அங்கே ஒரு ஃபிட்டர் இருந்தார். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். முன்கூடத்தில் வைக்க வால் நட்சத்திர மாதிரி ஒன்றை அவரிடம் செய்யச் சொன்னார்கள். விவரம் சொல்லக் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். கறுப்புப் பலகை, நடுவில் சூரியனாக மஞ்சள் விளக்கு, அதைச் சுற்றி நீள்வட்டப் பள்ளம், பள்ளத்தில் ஓடும் வால் நட்சத்திரம். சூரியனிலிருந்து கிளம்பும் ஒரு கறுப்புக் கம்பி எப்போதும் வால் நட்சத்திரத்தின் தலையை நோக்கியே திரும்பும். வாலைத் தலைக்கு அப்பால் நீளும்படி அந்தக் கம்பியோடு பிணைத்திருந்தார். எட்டத்தில் இருக்கும்போது வாலின் விளக்குகள் அணைந்திருக்கும். கிட்ட வர வர ஒவ்வொன்றாக எரியும்.

அதிகாரிகள் பார்க்க வந்த அன்று, மாதிரியை ஓட்டிக் காட்டினார்கள். சூரியனை நோக்கி வரும்போது வால் ஒழுங்காகப் பின்னால் வந்தது. சூரியனைச் சுற்றித் திரும்பிப் போகும்போது வால் முன்னால் போக, தலை பின்னால் போனது. யாரோ சிரித்தார்கள். நிர்வாக அலுவலர் மைக் அக்காவைப் பார்த்தார்.

“தப்பா மாட்டியிருக்காரு சார்,” என்றாள் அவள்.

ஃபிட்டர் மெதுவாகச் சொன்னார். “அங்க காத்து கிடையாது மேடம், பின்னால பறக்கிறதுக்கு. தள்ளுறது சூரியன்தான். பேராசிரியர் எழுதிக் கொடுத்த தாளை உங்க மேஜையில வெச்சிருந்தேனே.”

அந்தத் தாளை அவள் பிரித்தே பார்க்கவில்லை. இத்தனை பேர் முன்னால் அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. “நீங்க நட்டு போல்ட்டைப் பாருங்க அண்ணே. வானத்தை நான் பாத்துக்கறேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் அவர் கம்பியைக் கழற்றி, வாலைத் தலையின் பின்பக்கம் திருகாணி போட்டு இறுக்கினார். அடுத்த மாதமே, தானாகக் கேட்டு, தண்ணீர் பம்பு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏழு வருஷம் கழித்து, வெறும் கண்ணுக்கே தெரிகிற வால் நட்சத்திரம் ஒன்று, சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில், மேற்கே தெரிந்தது. சூரியன் இறங்கியதும் கோளரங்க மொட்டை மாடியில் கூட்டம் கூடும். முதல் நாள் அதன் தலை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இருந்தது. மூன்றாம் நாள் அதே நேரத்தில் தொட்டிக்கு மேலே, கையை நீட்டி அளந்தால் ஒரு சாண் ஏறியிருந்தது. வாலும் மேலே பார்த்துத்தான் நீண்டிருந்தது. அதாவது போகிற பக்கமே வால்.

தொலைநோக்கியோடு வந்திருந்த பேராசிரியரிடம் கேட்டாள். தலை என்பது தூசு கலந்த பனிக்கட்டி என்றார் அவர். வெயில் பட்டதும் பனி நேராக ஆவியாகித் தூசையும் கிளப்பிவிடும். தூசைச் சூரிய ஒளியே தள்ளும். தூசு வால் லேசாக வளைந்திருக்கும். வாயு சூரிய ஒளியில் மின்னேற்றம் பெறும். சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்துகள்கள் அதை நேராக விரட்டும். தூசு வெயிலைப் பிரதிபலித்து மின்னும், வாயு வெயிலை வாங்கித் தானே ஒளிரும். எந்தப் பக்கம் ஓடினாலும் வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான்.

“இதெல்லாம் அப்பவே எழுதிக் கொடுத்தேனே,” என்றார் அவர், சாதாரணமாக.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபிட்டர் வீட்டைத் தேடிப் போனாள். ஓய்வு பெற்றிருந்தார். சர்க்கரை நோய் கண்ணைத் தின்றிருந்தது. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். அவருடைய மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

“நீங்க செஞ்சதுதான் சரி அண்ணே. நான்தான் தப்பு.”

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். “தெரியும்மா. அன்னிக்கே தெரியும்.” பிறகு, “இப்ப வந்திருக்குன்னு சொல்றாங்களே, வால் எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டார்.

அவள் சொன்னாள். தொட்டி, ஒரு சாண், மேல்நோக்கிய வால், எல்லாம். அவர் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக் கேட்டார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமையன்று அந்த மாதிரியைத் திருத்தலாமென்று பழைய சாமான் அறைக்குப் போனாள். முன்கூடத்துக்கு வெள்ளையடித்தபோதே அதை இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டதாகக் காவலாளி சொன்னார். அன்று பதினோரு மணிக் காட்சியில் ரயில் வரியை விட்டுவிட்டு, சூரியன் தள்ளுவதைச் சொன்னாள். நூற்று இருபது பிள்ளைகள் கேட்டார்கள். இதற்கு முன் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து போனவர்கள் எத்தனை ஆயிரமோ. அவர்களை எங்கே போய்த் தேடுவாள்?