பிரேக் சரியில்லை

பிள்ளைகளே, நீங்கள் பிறக்கும் முன்பு பாளையங்கோட்டையிலிருந்து ஏரலுக்கு ஓடிய ஒரு மோட்டார் பஸ் கம்பெனியில் நான் கணக்கு எழுதினேன். கம்பெனிக்கு மொத்தமே இரண்டு வண்டிகள். அந்த நாளை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

டிரைவர்கள் சாயங்காலம் வண்டியை விட்டதும் பழுதுத் தாள் எழுத வேண்டும் என்று முதலாளி அச்சடித்து வைத்திருந்தார். அதில் இரண்டே கேள்விகள். ‘பழுதான பாகம் எது? சரியா, சரியில்லையா?’ ஒரு வண்டியின் டிரைவர் ‘பிரேக், சரியில்லை’ என்று எழுதுவார். பழுது பார்க்கும் மிஸ்திரி காலையில், குளிர்ந்து நிற்கும் வண்டியில் பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். இரண்டு பின்சக்கரத்துப் பிரேக் கம்பிகளையும் ஒரு திருகு இறுக்குவார். ‘சரி’ என்று கையெழுத்துப் போடுவார். எழுதிய பாகத்தைத் தவிர வேறொன்றைத் தொடுவது அவருக்கு மானக்கேடு.

மறுநாளும் அதே தாள். அதற்கடுத்த நாளும் அதேதான்.

முதலாளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “ஏலே, ஏரலுக்குப் போக மடியா? நாளைக்கும் இதையே எழுதினா வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்” என்றார் டிரைவரிடம்.

“எழுதாம ஓட்டுனா வாய்க்கால்ல கிடப்பேன், அண்ணாச்சி” என்றார் டிரைவர். அவருக்கு வீட்டில் கைக்குழந்தை.

எனக்குப் பொறுக்கவில்லை. முதலாளி போன பிறகு டிரைவரை உட்கார வைத்தேன். “பாகத்தை விடும்வே. மிதிச்சா வண்டி என்ன செய்யுது?”

“இடப்பக்கமா இழுக்கு.”

“கிளம்பினதுமேயா?”

“இல்லவே. ஸ்ரீவைகுண்டம் வரை நல்லாத்தான் போகுது. பொறவு ஆள் நெறைய ஏறி, ஆத்துக்கரை இறக்கத்துல மிதிச்சா இழுக்கு. கம்பி இறுக்குன பொறவு இன்னும் மோசம். நிப்பாட்டினா வலது சக்கரத்துல எண்ணெய் தீயுத வாடை.”

“இதை ஏன்வே எழுதல?”

“அங்கன எழுத இடம் எங்கவே இருக்கு?”

தாளின் பின்புறத்தில் நானே எழுதினேன்: ‘எப்போது? எந்தப் பக்கம்? கை, கால், காது, மூக்குக்கு என்ன தெரிந்தது?’ அவர் சொன்னதை அப்படியே அதன் கீழே எழுதினேன். காலையில் அதைப் படித்த மிஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே வலது சக்கரத்தைக் கழற்றினார். சக்கர அச்சிலிருந்து கசிந்த எண்ணெயில் அந்தப் பக்கத்துப் பிரேக் ஊறிக் கிடந்தது. வண்டி ஓடிச் சூடானதும் எண்ணெய் இளகிக் கசிந்திருக்கிறது. வலது பிரேக் வழுக்க, இடது மட்டும் பிடித்திருக்கிறது.

டிரைவருக்கு வேலை தங்கியது. முதலாளி ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. கேள்விகளை மாற்றி அச்சடிக்கலாமே என்று கேட்டேன்.

“கதை எழுதவாவே டிரைவர் வச்சிருக்கேன்? அடிச்ச தாள் தீரட்டும்” என்றார்.

தாள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கட்டுக்கட்டாக இருந்தது. ஒரு கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தாளின் பின்புறமும் அந்தக் கேள்விகளைக் கையால் எழுதத் தொடங்கினேன்.